அலே, வெனீர், பிராந்த்ர், வூல்வார்: காதுக்கு மூன்று ஒலி போதும்

கேள்வி: பிரெஞ்சு ஏ1 முடித்துவிட்டேன். போவது, வருவது, எடுப்பது, விரும்புவது என்ற பொருள் தரும் அலே, வெனீர், பிராந்த்ர், வூல்வார் மாதிரி ஒழுங்கற்ற வினைகளுக்கு நிகழ்கால அட்டவணை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆனால் பேசும்போது வாயில் வருவதில்லை. நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?

அட்டவணையை மேலிருந்து கீழாக ஆறு வரி ஒப்பிக்கிற பழக்கத்தை நான் விட்ட பிறகுதான் எனக்குப் பேச வந்தது. அந்த ஆறு வரி கண்ணுக்காக எழுதியது. காதுக்கு அதில் பாதிதான் இருக்கிறது. முதலில் உங்கள் நான்கு வினைகளில் மூன்றைப் பாருங்கள், அலேயைப் பிறகு தனியாகப் பார்க்கலாம்.

```
             venir      prendre    vouloir
je           viens      prends     veux
tu           viens      prends     veux
il/elle/on   vient      prend      veut
nous         venons     prenons    voulons
vous         venez      prenez     voulez
ils/elles    viennent   prennent   veulent
```

மேலே உள்ள மூன்று வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். கடைசியில் s வந்தாலும் x வந்தாலும் t, d வந்தாலும் எதற்கும் ஒலி கிடையாது. ஆகவே ஜெ, த்யூ, இல் மூன்றுக்கும் ஒரே சத்தம்தான். வெனீருக்கு வ்யே(ன்), பிராந்த்ருக்கு ப்ரா(ன்), வூல்வாருக்கு வொ. (நான் ன்-ஐ அடைப்புக்குள் போட்டால் அது மூக்கொலி மட்டும், நாக்கு மேலே தொடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்ல இருக்கிறது. வொ என்பதும் நம் வொ இல்லை. ஏ சொல்கிற மாதிரி நாக்கை முன்னால் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ஓ-வுக்குக் குவித்தால் வருகிற சத்தம்.)

அப்புறம் நடுவில் இருக்கும் நூ, வூ. நூ என்றால் நாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், சரிதான், ஆனால் பிரான்சில் வீட்டிலும் தெருவிலும் வேலையிடத்திலும் பெரும்பாலும் "ஓ(ன்)" என்றுதான் பேசுகிறார்கள், அது இல் உடைய வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். "நாங்கள் வருகிறோம்" என்பதற்கு ஓ(ன்) வ்யே(ன்), "நாங்கள் இதை எடுத்துக்கொள்கிறோம்" என்பதற்கு ஓ(ன்) ப்ரா(ன்) ஸா. நூ எழுத்திலும் மரியாதையான பேச்சிலும் தேவைப்படும், தேர்விலும் கேட்பார்கள், அதனால் தெரிந்துதான் ஆக வேண்டும். ஆனால் வூ தெரிந்துவிட்டால் நூ தானாக வந்துவிடும், கடைசி ஏ-யை எடுத்துவிட்டு ஓ(ன்) போட்டால் முடிந்தது. வனே, வனோ(ன்). ப்ரனே, ப்ரனோ(ன்). வூலே, வூலோ(ன்).

ஆக ஒரு வினைக்கு மூன்று சத்தம் மட்டும் பழகினால் போதும்: ஜெ, வூ, பன்மை இல். நான் ஒப்பித்தது இப்படித்தான். வ்யே(ன்), வனே, வ்யென். ப்ரா(ன்), ப்ரனே, ப்ரென். வொ, வூலே, வொல். ஆறு வரி ஒப்பித்தவருக்குப் பேசும்போது ஐந்தாவது வரி வேண்டுமென்றால் மனத்துக்குள் முதல் வரியிலிருந்து இறங்கி வர வேண்டியிருக்கிறது, அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். மூன்று சத்தத்தைத் தனித்தனியாகப் பிடித்தால் இறங்கி வர வேண்டிய வேலையே இல்லை.

சரி, ஏன் நூ-வும் வூ-வும் மட்டும் வேறு உருவத்தில் இருக்கின்றன? இது தெரிந்த பிறகு எனக்கு இந்த வினைகள் "ஒழுங்கற்றவை" என்றே தோன்றவில்லை. பேச்சு இலத்தீனில் இந்த வினைகளைச் சொல்லும்போது நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கு இடத்திலும் குரலின் அழுத்தம் வேரின் மேல் விழுந்தது. நாம், நீங்கள் என்ற இரண்டில் விகுதி நீளமாக இருந்ததால் அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிட்டது. பிரெஞ்சாக மாறிய நூற்றாண்டுகளில், அழுத்தம் விழுந்த உயிரெழுத்து இழுபட்டு உடைந்தது, விழாத உயிரெழுத்து அப்படி உடையவில்லை. அழுத்தம் பட்ட எ, ie ஆனது: வ்யே(ன்), வ்யென். படாத எ சோர்ந்துபோன எ-வாக நின்றது: வனே. அழுத்தம் பட்ட ஒ, ue ஆகிப் பிறகு eu ஆனது: வொ, வொல். படாதது ou என்று நின்றது: வூலே. அழுத்தம் இன்று போய்விட்டது, அது விட்டுப்போன தடம் மட்டும் இருக்கிறது. அதனால்தான் முடியும் என்ற பொருள் தரும் பூவ்வார் வினைக்கும் இதே அச்சு: பொ, பூவே, பொவ். இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே வூல்வாரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. "வா" என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள்: வா, வருகிறேன், வந்தேன். வேர் மூன்று உருவம் எடுக்கிறது, ஆனால் எந்தத் தமிழ்க் குழந்தையும் அட்டவணை பார்த்துப் படிக்கவில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: "வருகிறேன்" என்றால் யார் என்று விகுதியே சொல்லிவிடும், நான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சில் விகுதி ஊமையாகிவிட்டதால் ஜெ, த்யூ, இல் இல்லாமல் வினை தனியாக நிற்காது. ஆகவே பழகும்போது வினையை மட்டும் ஒப்பிக்காதீர்கள். ஜெவ்யே(ன்) என்று ஒரே சொல்லாக, ஒட்டுச்சொல்லாக வாய்க்குப் பழக்குங்கள்.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தவறுவது வினை வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை, இல் ஒருமைக்கும் இல் பன்மைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ன்-னில்தான் என்பது என் அனுபவம். எழுத்தில் il, ils என்று வேறுபாடு தெரியும். காதுக்கு இரண்டும் இல் தான். வினையில் மட்டும்தான் வேறுபாடு கேட்கும்: இல் வ்யே(ன்) என்றால் அவன் வருகிறான், இல் வ்யென் என்றால் அவர்கள் வருகிறார்கள்.

நான் பாரிஸ் பக்கத்தில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை பார்த்த முதல் வருடம், என்னோடு அண்ணன் தம்பி இருவர் வேலை செய்தார்கள். சனிக்கிழமை அவர்கள் வருவார்களா என்று முதலாளியம்மா போகிற போக்கில் கேட்டார். "உய், இல் வ்யென்" என்று சொல்ல நினைத்தேன், ஆனால் என் வாயில் வந்தது வ்யேன் என்ற இரண்டுங்கெட்டான் சத்தம், ஏனென்றால் நான் ஒருமையையும் பன்மையையும் ஒரே மாதிரித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒருவன்தான் வருகிறான் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு ஆளை வேறு இடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார். சனிக்கிழமை இருவரும் வந்து நின்றார்கள். கூப்பிட்ட ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று, அவருக்கு அன்றைய கூலி போனது. என்னை யாரும் திட்டவில்லை, ஆனால் அந்த ஆள் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது எனக்குப் பல நாள் உறுத்தியது. அன்றிரவு உட்கார்ந்து இந்த இரண்டு சத்தத்தையும் பிரித்துப் பழகத் தொடங்கினேன்.

அதைப் பழக நமக்கு வெளியிலிருந்து எதுவும் வேண்டாம், நம் பேச்சிலேயே இருக்கிறது. "ஏன்?" என்று வீட்டில் கேட்கிற மாதிரி கேளுங்கள். மேடையில் படிப்பது போல வேண்டாம், சாதாரணமாக. கடைசியில் நாக்கின் நுனி எங்கேயும் தொடாது, சத்தம் மூக்கில் போய் முடியும். இப்போது "தேன்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சில் அது தேனு என்று வரும், நாக்கின் நுனி மேலே போய் ஒட்டிப் பிறகு விடுபடும். "ஏன்" போல முடிந்தால் ஒருமை, வ்யே(ன்). "தேனு" என்பதில் உ-வை விழுங்கிவிட்டு நாக்கை ஒட்டிய இடத்திலேயே விட்டால் பன்மை, வ்யென். பிரெஞ்சு உயிர் நம் ஏ-யை விட வாயை இன்னும் அகலத் திறந்து சொல்வது, ஒருமையில் அது கிட்டத்தட்ட ஆ-வை நோக்கிச் சாயும், ஆனால் நாக்கு தொடுகிறதா இல்லையா என்பதுதான் அர்த்தத்தை மாற்றுகிறது, அதை முதலில் சரிசெய்யுங்கள்.

பிராந்த்ரும் இதே கதைதான், கூடவே உயிரும் மாறும். ஒருமை ப்ரா(ன்), "நான்" என்று பேச்சில் சொல்லும்போது முடிகிற மாதிரி. பன்மை ப்ரென், நாக்கு ஒட்டும். வனோ(ன்), வூலோ(ன்) என்ற நூ வடிவத்தின் கடைசியும் நமக்குத் தெரிந்ததுதான்: "மரம்" என்று எழுதிவிட்டு வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? உதடு மூடாமல் மூக்கில் முடிகிற ஒரு ஓ. அதேதான்.

சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு வழி. கைபேசியில் இல் வ்யே(ன்), இல் வ்யென் இரண்டையும் பத்துத் தடவை மாற்றி மாற்றிப் பதிவு செய்யுங்கள், எந்த வரிசையில் சொன்னீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் தாளைப் பார்க்காமல் கேட்டு, எது ஒருமை எது பன்மை என்று எழுதுங்கள். உங்கள் குரலையே உங்களால் பிரிக்க முடியவில்லை என்றால் எதிரில் இருப்பவராலும் முடியாது. எனக்கு முதல் தடவை பாதிதான் சரியாக வந்தது, அதாவது குருட்டாம்போக்கில் எழுதியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் புலப்படும். பன்மை வடிவத்தின் கடைசி மெய்யை வெட்டினால் ஒருமை கிடைக்கும். வொல் என்பதில் ல்-ஐ வெட்டினால் வொ. பொவ் என்பதில் வ்-வை வெட்டினால் பொ. வ்யென், ப்ரென் இரண்டிலும் ன் வெட்டுப்பட்ட இடத்தில் மூக்கொலி மிஞ்சுகிறது. அதனால் புதிதாக ஒரு வினை கற்றுக்கொள்ளும்போது பன்மை இல் வடிவத்தை முதலில் பிடியுங்கள், அதிலிருந்து ஒருமைக்கு வருவது சுலபம், ஒருமையிலிருந்து பன்மைக்குப் போவது கடினம், ஏனென்றால் எந்த மெய் மறைந்திருக்கிறது என்று பொ-வைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பிராந்த்ரில் ஒரு பள்ளம் இருக்கிறது. வா(ன்)த்ர் (விற்பது), அத்தா(ன்)த்ர் (காத்திருப்பது) போன்றவையும் அதே மாதிரி முடிவதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று தோன்றும். இல்லை. அவற்றில் d கடைசி வரை நிற்கும், பிராந்த்ரில் பன்மை மூன்றிலும் d விழுந்துவிடும்.

```
vendre  : je vends    vous vendez    ils vendent
prendre : je prends   vous prenez    ils prennent
```

ஆகவே "வூ ப்ரா(ன்)தே" என்று சொன்னால் அது வா(ன்)த்ரின் சட்டையைப் பிராந்த்ருக்குப் போட்டது. பிராந்த்ரோடு போகிறவை அதை உள்ளே வைத்திருக்கிற வினைகள் மட்டும்: அப்ரா(ன்)த்ர் (கற்பது), கோ(ன்)ப்ரா(ன்)த்ர் (புரிந்துகொள்வது), ஸ்யுர்ப்ரா(ன்)த்ர் (வியக்கவைப்பது). பன்மையில் n இரண்டாக வருவதற்கும் காரணம் உண்டு: இரட்டை மெய்க்கு முன்னால் e வந்தால் அதைத் திறந்த எ-வாகப் படிக்க வேண்டும். prennent என்பதில் அழுத்தமான எ, அதனால் இரண்டு n. prenez என்பதில் சோர்ந்த எ, அதனால் ஒன்று. காதில் எ தெளிவாகக் கேட்டால் இரண்டு போடுங்கள், எழுத்துப் பிழையில் பாதி அதிலேயே போய்விடும்.

வெனீருக்கும் குடும்பம் உண்டு: தெனீர் (பிடித்திருப்பது), தவனீர் (ஆவது), ரவனீர் (திரும்பி வருவது), ஒப்தெனீர் (பெறுவது). ஒன்று தெரிந்தால் அத்தனையும் தெரியும், ஜெ த்யே(ன்), வூ தனே, இல் த்யென்.

இப்போது அலே.

```
je vais
tu vas
il va
nous allons
vous allez
ils vont
```

இதில் மேலே சொன்ன வெட்டுக்கணக்கு எடுபடாது, ஏனென்றால் இது ஒரே வினை இல்லை. வே, வா, வோ(ன்) எல்லாம் வாதெரே என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. அலோ(ன்), அலே வேறு வேரிலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்தவை. எதிர்காலத்தில் ஜிரே என்று வருகிறதே, அது ஈரே என்ற மூன்றாவது இலத்தீன் வினை. ஆனாலும் பாருங்கள், வேறு வேரும் சரியாக நூ, வூ என்ற அந்த இரண்டு இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மட்டும் நான்கு சத்தம் பழகுங்கள்: வே, வா, அலே, வோ(ன்). வூ அலே என்று பிரித்துச் சொல்லாதீர்கள், அது வூஸலே, நடுவில் அதிர்கிற s. நிகழ்காலத்தில் பன்மை இல் வடிவம் ஓ(ன்) என்று முடிகிற வினைகள், அவற்றின் கிளைகளை விட்டால், மொழியிலேயே நான்குதான்: ont, sont, font, vont. நான்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒப்பித்தால் எதுவும் தனியாக நிற்காது.

அலேயையும் வெனீரையும் முதல் வாரத்திலேயே நன்றாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வது சும்மா இல்லை. இந்த இரண்டின் நிகழ்காலம் தெரிந்தால் மற்ற எல்லா வினைகளுக்கும் எதிர்காலமும் சற்று முன் நடந்ததும் கிடைத்துவிடுகிறது. அலேயின் நிகழ்காலம் போட்டு அடுத்து வினையின் மூல வடிவத்தை வைத்தால் "செய்யப் போகிறேன்". வெனீரின் நிகழ்காலம் போட்டு இடையில் de வைத்தால் "இப்போதுதான் செய்தேன்".

```
Je vais prendre le train.       (ரயில் பிடிக்கப் போகிறேன்)
Je prends le train.             (ரயில் பிடிக்கிறேன்)
Je viens de prendre le train.   (இப்போதுதான் ரயில் பிடித்தேன்)
```

மேல் வரியிலும் கீழ் வரியிலும் பிராந்த்ர் மாறவே இல்லை பாருங்கள். பேச்சில் ஒரு வினை வடிவம் ஞாபகம் வராதபோது இது பெரிய உதவி. உதாரணத்துக்கு "குடிக்கிறார்கள்" என்பதற்கு என்ன என்று தடுமாறினால், இடம் ஒத்துவந்தால் இல் வோ(ன்) ப்வார் (குடிக்கப் போகிறார்கள்) என்று போய்விடலாம். ரொட்டிக் கடையில்கூட வரிசையில் நிற்பவர்கள் பலர் "ஜெ வே ப்ரா(ன்)த்ர் யூன் பகெத்" என்றுதான் கேட்பார்கள், காது கொடுத்துக் கேளுங்கள்.

வூல்வார் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழில் "எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டும்" என்று வினை மாறவே மாறாது, ஆள்தான் மாறும். அதனால் வூல்வாரை ஆளுக்கு ஆள் மாற்றுவது நமக்கு மற்ற மூன்றையும் விட மெதுவாகத்தான் படியும். ஓர் எளிய பயிற்சி: வீட்டில் யாருக்குத் தேநீர் வேண்டும் என்று கேட்கிற இடத்தில் எல்லாம் பிரெஞ்சில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், த்யூ வொ த்யு தே, வூ வூலே த்யு தே, இல் வொல் த்யு தே. இன்னொன்று, கடையில் ஜெ வொ என்று தொடங்குவது "எனக்கு வேணும்" என்று பிடிவாதமாகக் கேட்பது போல விழும், அங்கே ஜெ வூத்ரே என்பதுதான் வழக்கம். ஆனால் யாராவது "வூ வூலே ஆ(ன்) ஸாக்?" (பை வேண்டுமா) என்று கேட்டால் ஜெ வொ ப்யே(ன்) என்று பதில் சொல்லலாம், ப்யே(ன்) சேர்ந்ததும் அது "சரி, கொடுங்கள்" என்று மென்மையாகிவிடும்.

எழுத்துத் தேர்வுக்கு: வெனீர், பிராந்த்ர் மாதிரி வினைகளில் ஜெ-வுக்கும் த்யூ-வுக்கும் பொதுவாக s, இல்லுக்கு t. பிராந்த்ரில் வேரிலேயே d இருப்பதால் இல்லுக்கு t சேராது, prend என்று நின்றுவிடும். ஜெ, த்யூ இரண்டுக்கும் s-க்குப் பதில் x வருகிற வினைகள் வூல்வார், பூவ்வார், வல்வார் மூன்றும் வல்வாரின் கிளைகளும்தான். பழைய ஏடுகளில் us என்பதை x போலச் சுருக்கி எழுதிய பழக்கத்தின் மிச்சம் அது. je veux, je peux, je vaux. வேறு எந்த வினையிலாவது ஜெ-வுக்கு x எழுதியிருந்தால் அடித்துவிட்டு s போடுங்கள்.